ஆங்கிலத்தில் எனக்கு எத்தனை சொல் தெரியும்? சுங்கை சிப்புட் டியூஷன் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீச்சர், எனக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி முழுக்க எண்ணிப் பார்க்கணுமா?

வேண்டாம். சிலவற்றை மட்டும் எடுத்துக் கேட்டு, அதிலிருந்து கணக்கிடலாம். ஆனால் அந்தச் சிலவற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். நாளிதழ், நாவல், பேச்சு என்று கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஆய்வாளர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி வரும் சொல் பட்டியலின் மேலே இருக்கும், அரிதாக வருவது கீழே இருக்கும். அந்தப் பட்டியலை ஆயிரம் ஆயிரமாக வெட்டினால் அடுக்குகள் கிடைக்கும்: முதல் ஆயிரம், இரண்டாம் ஆயிரம், மூன்றாம் ஆயிரம் என்று. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சில சொற்களைக் கேட்டு, எத்தனை சரி என்று பார்த்து, அதே விகிதத்தை அந்த ஆயிரத்துக்கும் போடுகிறோம். பத்துக்கு ஏழு சரி என்றால் அந்த அடுக்கில் சுமார் 700 தெரியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானைக்குள் எல்லாம் ஒரே சூட்டில் வெந்ததால் அது சரி. சொல் அறிவு அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. மேல் அடுக்கில் நிறையத் தெரியும், கீழே போகப்போகக் குறையும். அதனால்தான் அடுக்குக்கு அடுக்கு தனியாகக் கேட்கிறோம்.

"ஹெல்ப்", "ஹெல்ப்ஃபுல்", "ஹெல்ப்லெஸ்" எல்லாம் ஒரு சொல்லா, மூன்றா?

இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே வேரிலிருந்து வரும் சொற்களைச் சேர்த்துச் சொற்குடும்பம் என்கிறார்கள். வேர் தெரிந்தவருக்கு மற்றவையும் புரிந்துவிடும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. நம் வகுப்பில் அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. "டிவெலப்" தெரிந்த பிள்ளைக்கு "அண்டர்டிவெலப்ட்" என்று பார்த்ததும் பொருள் தோன்றாமல் போகலாம். அதனால் 3,000 சொற்குடும்பம் என்று முடிவு வந்தால், அதில் வரும் எல்லா வடிவமும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவர் குடும்பமாக எண்ணியதையும் இன்னொருவர் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக எண்ணியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. அப்படி எண்ணினால் அதே ஆளுக்கு இரண்டாவது எண் பல மடங்கு பெரிதாக வரும்.

இணையத்தில் ஒரு சோதனை 4,000 என்றது, இன்னொன்று 9,000 என்றது. எதை நம்புவது?

இரண்டும் எதை எண்ணின, எப்படிக் கேட்டன என்று முதலில் பாருங்கள். எண்ணும் அலகு வேறாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். கேட்கும் விதமும் வேறாக இருக்கும்.

பலரும் பயன்படுத்துவது பால் நேஷனும் டேவிட் பெக்லரும் 2007-ல் வெளியிட்ட சொற்பரப்புச் சோதனை. அதில் 14 அடுக்கு, அடுக்குக்கு 10 கேள்வி, மொத்தம் 140. சொல்லை ஒரு சின்ன வாக்கியத்தில் கொடுத்து, நான்கு பொருள்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சரியான விடைகளை நூறால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும்.

நான் வகுப்பில் பயன்படுத்துவது வேறு. 2017-ல் வெப், சசாவ், பேலன்ஸ் மூவரும் புதுப்பித்த அடுக்குச் சோதனை அது. முதல் ஐந்து ஆயிரங்களை மட்டும் பார்க்கிறது, ஆனால் அடுக்குக்கு 30 கேள்வி கேட்கிறது. படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு 12-ஆம் ஆயிரத்தில் என்ன தெரியும் என்ற தகவலால் பெரிய பயன் இல்லை. இரண்டாம், மூன்றாம் ஆயிரத்தில் ஓட்டை இருக்கிறதா என்பதுதான் தெரியவேண்டும். இந்த வகைச் சோதனைகள் சில lextutor.ca என்ற தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

தெரியாததை எல்லாம் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டேன். பரவாயில்லையா, டீச்சர்?

முடிவு கெட்டுவிடும். நான்கில் ஒன்று என்ற 140 கேள்விகளையும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் சராசரியாக 35 சரியாக வரும். நூறால் பெருக்கினால் 3,500 சொற்குடும்பம்! ஒரு சொல்லும் தெரியாதவருக்கு அப்படி ஒரு எண் வருகிறது. நிஜத்தில் யாரும் எல்லாவற்றையும் ஊகிப்பதில்லை, ஆனால் கீழ் அடுக்குகளில் ஊகம்தான் அதிகம். அங்கே கிடைக்கும் அதிர்ஷ்ட மதிப்பெண் மொத்தத்தில் போய் ஒளிந்துகொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடுக்கு வாரியாக மதிப்பெண்ணை எழுதிப் பாருங்கள். 9, 8, 6, 4 என்று இறங்கி வந்து, அப்புறம் 3, 2, 3, 3, 2 என்று கடைசிவரை அதே இடத்தில் நின்றால், அந்தக் கடைசிப் பகுதி ஊகம்தான். பத்துக்கு இரண்டரை என்பது ஊகத்தின் சராசரி அல்லவா? சொல் அறிவு என்றால் கீழே போகப்போகத் தேய்ந்திருக்கும்.

எழுதும்போதே தடுப்பது இன்னும் நல்லது. உறுதியாகத் தெரியாததை வெறுமையாக விடுங்கள். பொருள் கொஞ்சம் தெரியும் என்றால் தேர்ந்தெடுங்கள், அது ஊகமில்லை.

வெறும் "தெரியும், தெரியாது" என்று டிக் போடும் சோதனைகளும் உண்டு. அவற்றில் இல்லாத சொற்களை ஆங்கிலச் சொல் மாதிரியே செய்து கலந்திருப்பார்கள். அவற்றுக்கும் "தெரியும்" போட்டால் மதிப்பெண் குறையும். உண்மைச் சொற்களில் "தெரியும்" சொன்ன பங்கு h, பொய்ச் சொற்களில் சொன்ன பங்கு f என்றால், ஒரு எளிய திருத்தம் இது:

```
(h − f) / (1 − f)
```

100 உண்மைச் சொல்லில் 70-க்கும், 20 பொய்ச் சொல்லில் 4-க்கும் டிக் போட்டால் h = 0.70, f = 0.20. விடை 0.625. எழுபது என்று நினைத்தது அறுபத்திரண்டரைக்கு இறங்கிவிடுகிறது. பொய்ச் சொற்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் டிக் போட்டிருந்தால் நான் கணக்கே போடுவதில்லை. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் எழுதச் சொல்வேன்.

என் மகனுக்கு லேட்டக்ஸ், டேப்பர், க்ளோன் எல்லாம் தெரியும். அவனுக்குப் போய் இரண்டாம் ஆயிரத்தில் ஓட்டை என்கிறீர்களே?

அம்மா, அவனுக்கு அவை தெரியும் என்பதில் சந்தேகமில்லை. தாத்தா பால் வெட்டியவர், வீட்டைச் சுற்றிப் பால்மரமும் செம்பனையும். ஆனால் இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் செய்தவை. அங்கே லேட்டக்ஸ் அரிய சொல். நம் ஊரில் அன்றாடம் கேட்கும் சொல் பட்டியலில் வெகு கீழே இருக்கும். சோதனையில் தற்செயலாக அப்படி ஒன்று வந்தால் அவன் சரியாகப் போடுவான், அடுக்குக்குப் பத்துக் கேள்வி என்றால் அந்த ஒரு சரியை வைத்து அடுக்கில் நூறு சொல் தெரியும் என்று கணக்கு சொல்லிவிடும்.

மலாயிலிருந்தும் இதே மாதிரி உதவி வருகிறது. பள்ளியில் எகொனொமி, யுனிவெர்சிதி, ஃபார்மாசி, ஆம்புலன்ஸ் என்று மலாயில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தானாகவே புரிகிறது. அது உண்மையான அறிவுதான், கழிக்க வேண்டியதில்லை. ஆனால் மலாயில் இல்லாத பக்கத்துச் சொற்களும் அவனுக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

அவன் தடுமாறும் இடம் வேறு. டெஸ்பைட், அஸ்யூம், ப்ரபோஸ் போன்றவை முதல் மூவாயிரத்துக்குள் வருபவை. கையால் தொட்டுக் காட்ட முடியாத சொற்கள். தோட்டத்திலும் கடைவீதியிலும் அவற்றை யாரும் பேசுவதில்லை, எஸ்.பி.எம். வாசிப்புப் பகுதியில் ஒவ்வொரு பத்தியிலும் வருகின்றன. ஒரு வாக்கியம் "ஆனாலும்" என்று திரும்புகிறதா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்து முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஐந்து அடுக்குச் சோதனையை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு அவள் எடுத்தது: முதல் ஆயிரம் 29, இரண்டாம் ஆயிரம் 26, மூன்றாம் ஆயிரம் 19, நான்காம் ஆயிரம் 14, ஐந்தாம் ஆயிரம் 11.

ஒவ்வொன்றையும் முப்பதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 967, 867, 633, 467, 367. கூட்டினால் ஏறக்குறைய 3,300. "எனக்கு 3,300 சொல் தெரியும்" என்று அவள் வீட்டில் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அந்த மொத்தத்தை வைத்து "அப்படியானால் அடுத்து நான்காம் ஆயிரம்" என்று முடிவெடுத்தால் தப்பாகிவிடும். அந்த 3,300 முதல் மூவாயிரத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கவில்லை. 800-க்கு மேற்பட்டவை நான்கிலும் ஐந்திலும் சிதறிக் கிடக்கின்றன, இரண்டிலும் மூன்றிலும் 500 ஓட்டைகள் இருக்கின்றன.

இந்தச் சோதனையைச் செய்தவர்கள் முதல் மூன்று அடுக்குகளுக்கு 30-க்கு 29 எடுத்தால்தான் கைவசம் என்று வரையறுத்தார்கள். நான்கு, ஐந்துக்கு 24 போதும். மேல் அடுக்குச் சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வந்துகொண்டே இருப்பதால் அங்கே கண்டிப்பு அதிகம். அந்த அளவில் இந்தப் பிள்ளைக்கு முதல் ஆயிரம் மட்டுமே கைவசம். இரண்டாம் ஆயிரத்தில் சுமார் 130, மூன்றாம் ஆயிரத்தில் சுமார் 370 பாக்கி.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? முப்பது சொல்லைக் கேட்டு ஆயிரத்தைப் பற்றிப் பேசுகிறோம். வேறு முப்பது வந்திருந்தால் 19 என்பது 16 ஆகவோ 22 ஆகவோ இருந்திருக்கலாம். புள்ளியியல் வழக்கப்படி 95 விழுக்காட்டு எல்லை போட்டால், மூன்றாம் ஆயிரத்தில் அவளுக்குத் தெரிந்தது 450-லிருந்து 780-க்குள் எங்கேயும் இருக்கலாம். அடுக்குக்குப் பத்தே கேள்வி என்றால் எல்லை இன்னும் விரியும். பத்துக்கு ஆறு எடுத்தவருக்கு 300-லிருந்து 830 வரை ஓடும்.

அப்புறம், சோதனை எத்தனை பாக்கி என்று சொல்லுமே தவிர எவை என்று சொல்லாது. அதற்குப் பட்டியலையே எடுக்கவேண்டும். இரண்டாம் ஆயிரத்தின் பட்டியலை அச்சிட்டு, தினம் நூறு சொல்லாகப் பத்து நாள் படிக்கச் சொல்வேன். பொருள் உடனே வந்தால் ஒன்றும் போடவேண்டாம். பார்த்த ஞாபகம் மட்டும் இருந்தால் ஒரு புள்ளி, சுத்தமாகத் தெரியாவிட்டால் ஒரு கோடு. நூறு முடிந்ததும் குறி போடாத சொற்களில் ஐந்தைப் பக்கத்தில் இருப்பவர் கேட்கவேண்டும். அதில் இரண்டு தவறினாலும் அந்த நூறை மறுபடி பார்க்கணும், தெரியும் என்று வேகமாகத் தாண்டியிருக்கிறாள் என்று அர்த்தம். புள்ளியும் கோடும் போட்டவைதான் அவளுடைய படிப்புப் பட்டியல்.

மொத்தத்தில் எத்தனை சொல்லை இலக்காக வைப்பது? என் அண்ணன் 10,000 என்கிறான்.

எதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஒரு பக்கத்தில் 300 சொல் இருக்கிறது என்று கொள்வோம். நூற்றுக்கு 95 தெரிந்தால் அந்தப் பக்கத்தில் 15 சொல் தெரியாது. 98 தெரிந்தால் ஆறுதான் தெரியாது. பதினைந்து என்றால் அகராதியும் ஆசிரியரும் துணைக்கு வேண்டும், ஆறு என்றால் தனியாகவே படித்துப் போகலாம். இந்த இரண்டு எல்லைகளையும் வைத்துத்தான் இலக்கைப் பேசுகிறார்கள்.

நேஷன் 2006-ல் செய்த கணக்கின்படி நாவலும் நாளிதழும் 98 அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வேண்டும். பேச்சுக்கு 6,000 முதல் 7,000. 95 போதும் என்றால் பேச்சுக்கு 3,000, எழுத்துக்கு 4,000 அளவில் வந்துவிடும். ஆள் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் தெரிந்ததாகவே இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

ஏன் மேலிருந்தே தொடங்கச் சொல்கிறேன் என்பதும் இதிலேயே இருக்கிறது. சாதாரண எழுத்தில் முதல் ஆயிரம் மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நிரப்புகிறது. இரண்டாம் ஆயிரம் நூற்றுக்கு எட்டு, ஒன்பது சேர்க்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வரை நான்கு ஆயிரம் சொல் படித்தாலும் சேர்ந்து இரண்டு அளவில்தான் கூடும். அண்ணன் சொல்லும் 10,000 தவறான எண் இல்லை, ஆங்கில நாவல்களில் மூழ்கப்போகிற ஆளுக்குச் சரி. மூன்றாம் ஆயிரத்தில் 19 எடுத்த பிள்ளைக்கு அடுத்த இலக்கு 3,000-ஐ ஓட்டையில்லாமல் அடைப்பது. பல்கலைக்கழகம் போகிறவர்கள் அதற்குப் பிறகு கல்வித்துறைச் சொற்பட்டியலை எடுக்கலாம். ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அந்தப் பட்டியலில் 570 குடும்பம்தான், கல்வி நூல்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவையே வருகின்றன.

நான் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறேன், வயது 42. பாதுகாப்புக் கையேடு புரிந்தால் போதும். எனக்கும் இந்த 3,000 கணக்கு வேணுமா?

அண்ணே, நீங்கள் கையேட்டிலிருந்தே தொடங்குங்கள். அதில் 200 சொல் வரும் ஒரு பகுதியை எடுத்து, தெரியாததற்கு எல்லாம் அடிக்கோடு போடுங்கள். ஒரே சொல் மூன்று முறை வந்தால் மூன்றாகவே எண்ணுங்கள். பத்து வந்தால் நீங்கள் 95-ல் நிற்கிறீர்கள், நான்கு வந்தால் 98-ல். கையேட்டின் வேறு இரண்டு இடங்களிலும் இப்படிச் செய்து பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் ஏமாற்றிவிடும்.

பிறகு அடிக்கோடு போட்டவற்றை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஆலைக்கே உரிய சொற்கள், உதாரணமாக வால்வு, பிரஷர், ஸ்டெரிலைஸர் சம்பந்தப்பட்டவை, எண்ணிக்கையில் குறைவு, அதே கையேட்டில் திரும்பத் திரும்ப வரும். அவற்றை வரும் வரிசையிலேயே படித்துவிடலாம். மற்றவை பொதுச் சொற்களாக இருந்து அவை இரண்டாம், மூன்றாம் ஆயிரப் பட்டியலில் இருந்தால், அப்போது அந்தப் பட்டியலில் நேரம் செலவிடுவது உங்களுக்கும் பலன் தரும்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

மேலே சொன்ன பிள்ளைக்கு 500 பாக்கி. தினம் ஐந்து, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 20 வாரம். படிவம் நான்கில் தொடங்கினால் எஸ்.பி.எம்.-க்கு முன் முடிந்து, திரும்பிப் பார்க்கவும் காலம் இருக்கும். தினம் 20 என்று தொடங்கினால் ஐந்தே வாரம் என்று தாளில் தோன்றும். ஆனால் பழைய சொற்களைத் திரும்பப் பார்க்கும் சுமை நாளுக்கு நாள் ஏறும், மூன்றாம் வாரத்தில் புதுச் சொல்லுக்கு நேரம் இருக்காது.

வேகம் சரியா என்று பார்க்க, ஒரு வாரத்துக்கு முன் படித்ததில் பத்தை எடுத்துக் கேளுங்கள். எட்டு ஞாபகம் இருந்தால் தொடரலாம். ஆறுதான் என்றால் புதுச் சொற்களை நிறுத்தி, பழையவற்றைப் பிடிக்கணும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினேன், 19 இருந்தது 22 ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தானே?

இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்று கேள்வி வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதோடு அதே தாளை எழுதியிருந்தால், முதல் முறை கண்ணில் பட்ட சொற்களைப் பிறகு தேடியிருப்பாய், அவை இப்போது சரியாக வந்திருக்கும். இந்தச் சோதனைக்கு இரண்டு தாள்கள் உண்டு, மறுமுறை மற்றதை எழுதவேண்டும். 19 என்பது 27 அளவுக்கு ஏறினால் நம்பலாம். இடையில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உன் பட்டியலில் எத்தனை கோடு அழிந்தது என்று எண்ணு, அதில் தற்செயலுக்கு இடமில்லை.

மதிப்பெண் நன்றாக வருகிறது, ஆனால் பேசும்போது ஒரு சொல்லும் வாயில் வரவில்லையே?

சோதனை கேட்டது பார்த்துப் புரிந்துகொள்ளும் அறிவை. தானாக எடுத்துப் பயன்படுத்தும் சொற்கள் எல்லோருக்கும் அதைவிடக் குறைவு. காதால் கேட்டுப் புரிவதும் வேறு. எழுத்தில் தெரிந்த சொல் வேகமான பேச்சில் தெரியாமல் போகும். 3,300 என்ற எண்ணைப் பேச்சுத் தேர்வுக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

மலாய்க்கும் தமிழுக்கும் இதே மாதிரி செய்யலாமா?

மலாய்க்குச் செய்யலாம், ஆனால் எண்ணும் அலகை முதலில் தீர்மானிக்கணும். அஜார் என்ற ஒரு வேரிலிருந்து மெங்காஜார், பெலாஜார், பெங்காஜாரான் என்று வருகின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எண்ணினால் பட்டியல் வீங்கிவிடும், எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் இடைநிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்குத் தெரியாத வடிவங்களும் தெரிந்ததாகிவிடும். நான் வேரைக் கேட்டுவிட்டு, அதன் இரண்டு வடிவங்களைத் தனியாகக் கேட்கிறேன்.

தமிழில் இது இன்னும் கடினம். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பதை ஒரு சொல்லாக எண்ணும் பட்டியல் நம் பிள்ளைகளின் சொல் அறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. வேற்றுமை, காலம், இடம் எல்லாவற்றையும் கழற்றி வேருக்குக் கொண்டுபோன பட்டியல்தான் வேண்டும். பேச்சில் "வூடு", எழுத்தில் "வீடு" என்று வருவதை ஒன்றாகச் சேர்ப்பதா என்றும் முடிவெடுக்கவேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு நான் பாடநூலிலிருந்தே 200 சொல் பகுதிகளை எடுத்து அடிக்கோடு போடும் முறையைத்தான் பயன்படுத்துகிறேன்.